அந்த நான்கு துளைகளைப் பார்த்துவிட்டு அடப்டர் வாங்குங்கள்

ரொறன்ரோவில் இருக்கும் மாமா தன்னுடைய பழைய கணினியைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். அது வந்து சேர்ந்தது திருக்கேதீஸ்வரத்தில், இடம்பெயர்ந்து திரும்பி வந்து மறுபடி கட்டிய சித்தியின் வீட்டுக்கு. தம்பி உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுத்திருக்கிறான். மொனிற்றர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. யாரோ பாவித்துக் கொடுத்த, வி.ஜி.ஏ சொக்கற் மட்டும் உள்ள பழைய மொனிற்றர். கணினியின் பின்பக்கத்திலோ வேறு வடிவச் சொக்கற்றுகள்.

அதற்குப் பிறகு அவன் மூன்று தடவை தள்ளாடிச் சந்தி தாண்டி, பாலம் கடந்து மன்னார் நகருக்குப் போனான். மூன்று தடவையும் வேறு வேறு அடப்டர் வாங்கி வந்தான். மூன்றாவது தடவைதான் எனக்கு அழைப்பு எடுத்தான். "அக்கா, கணினி ஓடுற சத்தம் கேக்குது. மொனிற்றர்ல No Signal எண்டு மட்டும்தான் காட்டுது. மாமா பழுதானதைத்தான் அனுப்பிப்போட்டாரோ?"

கணினியில் பழுது இல்லை. அவன் வாங்கிய மூன்று அடப்டர்களும்கூடப் பழுதில்லை. ஒன்றுகூட அந்தக் கணினிக்கு உரியதல்ல, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கணினிகள் பலவற்றில் இந்தச் சிக்கல் இருப்பதால், அவனுடைய கதையை வைத்தே விளக்குகிறேன்.

கணினி மொனிற்றருக்குப் படத்தை இரண்டு விதமாக அனுப்பலாம். பழைய முறை அனலொக். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. அதில் போகும் மின்னழுத்தம் 0 இலிருந்து 0.7 வோல்ற் வரை ஏறி இறங்கும். கூடினால் நிறம் பிரகாசம், குறைந்தால் இருட்டு. வி.ஜி.ஏ என்பது இது மட்டுமே. புதிய முறை டிஜிற்றல். அதில் நிறங்கள் எண்களாகி, மிக வேகமான துடிப்புகளாகப் போகும். எச்.டி.எம்.ஐ இந்த வகை.

டி.வி.ஐ 1999இல் வந்தது, ஒன்றிலிருந்து மற்றதற்கு உலகம் மாறிக்கொண்டிருந்த நேரத்தில். அதனால் ஒரே வடிவச் சொக்கற்றில் இரண்டையும் வைக்க இடம் விட்டார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே வரும் கம்பிகள்தான் வேறு. குழப்பம் முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனி உங்கள் கணினியின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். டி.வி.ஐ சொக்கற்றில் மூன்று வரிசையாக, வரிசைக்கு 8 வீதம், 24 துளைகள் இருக்கும். டிஜிற்றல் படம் போவது இந்தப் பகுதியால்தான். ஒரு ஓரத்தில் நீளமான தட்டைப் பிளவு ஒன்று தெரியும். அந்தப் பிளவைச் சுற்றி, மேலே இரண்டு கீழே இரண்டாக நான்கு சிறு துளைகள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அவற்றில் மூன்று சிவப்பு, பச்சை, நீலத்துக்கு உரியவை. நான்காவது, படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று மொனிற்றருக்குச் சொல்வது. அனலொக் நிறங்கள் வேறெந்தத் துளையாலும் வருவதில்லை.

நான்கும் இல்லாவிட்டால் அது டி.வி.ஐ-டி: டிஜிற்றல் மட்டும். 24 துளைகளோடு அந்த நான்கும் இருந்தால் டி.வி.ஐ-ஐ: இரண்டும் வரும். டி.வி.ஐ-ஏ என்பது அனலொக் மட்டும். அதைக் கணினியில் காண்பது அரிது, கேபிள் முனைகளில்தான் இருக்கும். சில கேபிள்களில் 24 ஊசிகளுக்கு நடுவே ஆறு ஊசிகள் இருக்காது. உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். மிகப் பெரிய திரைகளுக்குத்தான் அந்த ஆறும் தேவை. வீட்டு மொனிற்றர் 18 ஊசியிலேயே ஓடும்.

தம்பியின் கணினியில் தனியாகப் பூட்டிய கிராஃபிக்ஸ் காட் ஒன்று இருந்தது. அதில் ஒரு டி.வி.ஐ, ஒரு எச்.டி.எம்.ஐ. டி.வி.ஐ சொக்கற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பிளவைச் சுற்றி ஒன்றுமே இல்லை. டி.வி.ஐ-டி. அந்தக் காட்டில் எந்த இடத்திலும் அனலொக் இல்லை.

அவன் முதலில் வாங்கியது நான்கு ஊசிகளும் உள்ள, டி.வி.ஐயிலிருந்து வி.ஜி.ஏக்குப் போகும் அடப்டர். அது உள்ளேயே போகவில்லை, துளை இல்லாதபடியால். "அந்த நாலு ஊசியையும் வெட்டிப்போட்டுச் செருகுங்கோ" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளை, அவன் வெட்டவில்லை. வெட்டினாலும் போகாது; அந்த வகையில் தட்டை ஊசியும் அகலம் கூட. அதைவிட, நிறங்கள் வரும் கம்பிகளையே வெட்டிவிட்டு நிறம் வரும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

இரண்டாவதாக, நான்கு ஊசி இல்லாமல் 24+1 என்று எழுதிய மலிவான வி.ஜி.ஏ அடப்டர். அழகாகப் பொருந்தியது. திரையில் No Signal. உள்ளே வெறும் கம்பிகள்தான் இருந்தன. அந்தச் சொக்கற்றிலிருந்து அனலொக் வருவதே இல்லை என்னும்போது அந்தக் கம்பிகளால் கடத்த ஒன்றும் இல்லை. மூன்றாவது, ஒரு முனை எச்.டி.எம்.ஐ, மறுமுனை வி.ஜி.ஏ உள்ள சாதாரண கேபிள். அதிலும் அதே கதை.

வெறும் அடப்டர் வடிவத்தைத்தான் மாற்றும், சமிக்ஞையை மாற்றாது. டிஜிற்றலை அனலொக்காக்க உள்ளே ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்கு மின்சாரமும் வேண்டும். எச்.டி.எம்.ஐயிலிருந்து வி.ஜி.ஏக்கு மாற்றும் உண்மையான கருவி, கேபிள் நடுவே அல்லது முனையில் தடித்த சிறு பெட்டியோடு இருக்கும். பலவற்றில் ஒலிக்கான துளையும் இருக்கும். எச்.டி.எம்.ஐ கொடுக்கும் சிறிதளவு மின்சாரம் போதாமல் படம் வந்து வந்து போனால், யூ.எஸ்.பி வயர் இணைக்க இடமுள்ளதை வாங்குங்கள். டி.வி.ஐ-டி சொக்கற்றுக்கும் இப்படிச் சிப் உள்ளவை விற்கிறார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இவை ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும். வி.ஜி.ஏ கணினியை எச்.டி.எம்.ஐ தொலைக்காட்சியில் பூட்ட, வேறு கருவி வாங்க வேண்டும்.

இதற்கு மாறாக, டி.வி.ஐ-டியும் எச்.டி.எம்.ஐயும் ஒரே குடும்பம். இரண்டிலும் படம் ஒரே மாதிரியான துடிப்புகளாகவே போகிறது. ஆகவே அங்கே மிக மலிவான, சிப் இல்லாத அடப்டரே போதும், எந்தத் திசையிலும். டி.வி.ஐ-ஐ சொக்கற்றின் டிஜிற்றல் பகுதிக்கும் இது பொருந்தும். ஒலிதான் பெரும்பாலும் வராது, டி.வி.ஐயில் ஒலிக்கு இடம் வைக்கவில்லை. பச்சை நிறத் துளையில் ஸ்பீக்கரைத் தனியாகப் பூட்டுங்கள்.

தம்பிக்கு நாலாவது பயணம் தேவைப்படவில்லை. இன்னொரு படம் கேட்டேன், முழுப் பின்பக்கத்தையும். கிராஃபிக்ஸ் காட்டுக்கு மேலே, மதர்போட்டோடு சேர்ந்த இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் மூடி இருந்தது. கழற்றினால் உள்ளே வி.ஜி.ஏ சொக்கற். காட் பூட்டியிருக்கும்போது சில கணினிகள் மதர்போட்டின் சொக்கற்றைத் தாமாகவே அணைத்துவிடும். அதனால்தான் மூடி போட்டிருந்தார்கள்.

மின்சார வயரைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, ஒரு திருகாணியையும் பிடிப்பையும் விடுவித்துக் காட்டை வெளியே எடுத்தான். பழைய மொனிற்றரை நேரே வி.ஜி.ஏயில் பூட்டினான். படம் வந்தது. எல்லாக் கணினியிலும் இது நடக்காது. புரொசசருக்குள்ளேயே படம் உருவாக்கும் பகுதி இருக்க வேண்டும். அலுவலகங்களில் பாவித்துவிட்டு அனுப்பும் கணினிகளில் அது பெரும்பாலும் இருக்கும். உறவினர் கணினி அனுப்புவதாகச் சொன்னால், பொதி கட்ட முன்னர் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2016இல் வந்த என்விடியாவின் ஜி.ரி.எக்ஸ் 10 வரிசைக் காட்டுகளில் அனலொக் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அவன் முதலில் வாங்கிய அடப்டர், அந்த நான்கு ஊசி உள்ளது, இப்போது பக்கத்து வீட்டில் ஓடுகிறது. அங்குள்ள கணினி இன்னும் பழையது. அதன் பிளவைச் சுற்றி நான்கு துளைகளும் இருக்கின்றன.