அட்டை எண்ணின் கடைசி இலக்கம்

சேலம், நாமக்கல் சமவெளியில் கூட்டுறவு வங்கிக் கணக்கு வைத்திருக்கும் அங்கத்தினர்களுள் பலரிடம் இன்று ரூபே அட்டை இருக்கிறது. பயிர்க்கடன் பெறும் விவசாயி அதைக் கொண்டு உரம் வாங்குகிறார். சேலை விற்கும் இளம்பிள்ளை நெசவாளர், நூலுக்கும் சாயத்துக்கும் கைப்பேசி வழியே பணம் செலுத்துகிறார். அட்டையின் மீதுள்ள பதினாறு இலக்கங்களை நாம் ஒவ்வொன்றாக அழுத்துகிறோம். சில சமயம், வங்கியைக் கேட்பதற்கு முன்னரே, ‘எண் சரியன்று’ என்று அப்பக்கம் நம்மைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வங்கியைக் கேளாமலே அதற்கு எப்படித் தெரிந்தது? இதனை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்வது நலம். அந்தச் சோதனை எதைக் கண்டுபிடிக்கும் என்பதைப் போலவே, எதைக் கண்டுபிடிக்காது என்பதும் நம் பணத்தைப் பற்றிய விஷயமாகும்.

முதலும் நீளமும்

அட்டை எண் மனம் போனபடி இட்ட எண் அன்று. அது மூன்று பகுதிகளைக் கொண்டது. முற்பகுதி அட்டையின் இனத்தையும் அதனை வழங்கிய வங்கியையும் குறிக்கும்; நடுப்பகுதி வாடிக்கையாளருக்கு உரியது; கடைசியில் நிற்கும் ஒற்றை இலக்கம் சோதனைக்கென்றே அமைந்தது. இந்த அமைப்பைச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வகுத்திருக்கிறது. வங்கியைக் குறிக்கும் முற்பகுதி முன்பு ஆறு இலக்கமாக இருந்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் அதனை எட்டாக்கியது.

விசா அட்டை 4 என்ற இலக்கத்தில் தொடங்கும். மாஸ்டர்கார்டு பெரும்பாலும் 51 முதல் 55 வரையுள்ள எண்களில் தொடங்கும். 2221 முதல் 2720 வரையுள்ள புதிய வரிசையும் அதற்கு உண்டு. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டில் தொடங்கிய ரூபே அட்டைகள் 60, 65, 81, 82, 508 போன்ற தொடக்கங்களைக் கொண்டவை. ரூபே அட்டையில் பதினாறு இலக்கங்கள் இருக்கும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையிலோ பதினைந்துதான். ஆகவே ரூபே அட்டை என்று சொல்லிப் பதினைந்து இலக்கங்களை ஒருவர் எழுதிக் கொடுத்தால், ஓர் இலக்கம் விடுபட்டிருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

கணக்கின் வழி

மூன்றாவது சோதனைதான் நுட்பமானது. அதனைக் கண்டவர் ஹான்ஸ் பீட்டர் லூன். நெசவாளர்களுக்கு இவர் முற்றிலும் அந்நியர் அல்லர். 1896இல் ஜெர்மனியில் துணித்தொழிலுக்குப் பேர்போன பார்மன் நகரில் பிறந்தவர். அமெரிக்கா சென்று துணி வியாபாரத் துறையில் இருந்தபோது, துணியின் மீது வைத்தால் ஓர் அங்குலத்தில் எத்தனை இழைகள் உள்ளன என்று காட்டும் ‘லூனோமீட்டர்’ என்ற சிறு கருவியை அமைத்தார். இழைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டிய தொல்லையை அது நீக்கியது. பின்னர் ஐ.பி.எம். கம்பெனியில் சேர்ந்து, எண்களைச் சரிபார்க்கும் கையடக்கமான யந்திரம் ஒன்றுக்கு 1954இல் காப்புரிமை கோரினார். 1960இல் அது கிடைத்தது. அந்த யந்திரம் செய்த கணக்கையே இன்று அட்டைகள் கையாளுகின்றன.

கணக்கு வருமாறு: வலக்கோடியிலிருந்து எண்ணி, இரண்டாவது, நான்காவது, ஆறாவது என ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது 9க்கு மேற்பட்டால் அதிலிருந்து 9ஐக் கழிக்க வேண்டும். மற்ற இலக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் தேறியது.

உதாரணமாக, 6080 1234 5609 0125 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இது காட்டுவதற்காகப் புனைந்தது. எந்த வங்கியையும் எவரையும் குறிப்பதன்று. பதினாறு இலக்க எண்ணில், இடக்கோடியிலிருந்து பார்த்தால் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது இலக்கங்களே இரட்டிக்கப்படுபவை. அவை 6, 8, 1, 3, 5, 0, 0, 2 ஆகும். 6ஐ இரட்டித்தால் 12. ஒன்பதைக் கழிக்க 3. எட்டுக்கு 16, கழிக்க 7. ஒன்றுக்கு 2. மூன்றுக்கு 6. ஐந்துக்கு 10, கழிக்க 1. சுன்னங்களுக்குச் சுன்னமே. இரண்டுக்கு 4. இவற்றின் கூட்டுத்தொகை 23. இரட்டிக்காதவை 0, 0, 2, 4, 6, 9, 1, 5. இவற்றின் கூட்டுத்தொகை 27. இரண்டும் சேர்ந்து 50. பத்தால் வகுபடுகிறது, எண் தேறியது.

கடைசி இலக்கமாகிய 5 எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது விளங்கும். அதனை நீக்கினால் கூட்டுத்தொகை 45. ஐம்பதாவதற்கு ஐந்து குறைவு. அந்தக் குறைவையே வங்கி கடைசியில் இட்டுவிடுகிறது.

எது அகப்படும், எது தப்பும்

இரட்டித்து ஒன்பதைக் கழிக்கும் முறையில் 0 முதல் 9 வரையுள்ள பத்து இலக்கங்களும் பத்து வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. ஆகையால், எந்த ஓர் இலக்கத்தை மாற்றி அழுத்தினாலும் கூட்டுத்தொகை மாறும். அந்தப் பிழை தப்பவே தப்பாது. நம் உதாரணத்தில் 1234 என்பதை 1239 என்று அழுத்தினால் கூட்டுத்தொகை 55 ஆகிவிடும்.

அவசரத்தில் நேரும் இன்னொரு பிழை, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அழுத்துவது. வெறுமனே கூட்டிப் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. 3ஐயும் 4ஐயும் எந்த வரிசையில் கூட்டினாலும் ஏழுதான். இதற்காகவே ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்கிறார்கள். 1234 என்பது 1243 ஆனால் கூட்டுத்தொகை 51, பிழை வெளிப்படுகிறது. ஆனால் ஓர் இணை மட்டும் தப்பிவிடும். சுன்னத்தை இரட்டித்தாலும் சுன்னம்; ஒன்பதை இரட்டித்து ஒன்பதைக் கழித்தாலும் ஒன்பது. ஆகவே 09 என்பதை 90 என்று அழுத்தினால் கூட்டுத்தொகை மாறாது. நம் உதாரணத்தில் 5609 என்பதை 5690 என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதே 50 வரும். 22 என்பதை 55 என்றும், 33 என்பதை 66 என்றும், 44 என்பதை 77 என்றும் மாற்றி எழுதுவதும் இப்படியே தப்பும்.

இதனினும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அட்டை எண்ணை நாம் நான்கு நான்காகப் பிரித்து எழுதுகிறோம். இரண்டாவது நாலையும் மூன்றாவது நாலையும் ஒருவர் இடம் மாற்றி எழுதிவிட்டால், இரட்டிக்க வேண்டிய இலக்கங்கள் இரட்டிக்கும் இடத்திலேயே நிற்கும். 6080 5609 1234 0125 என்ற பிழையான எண்ணும் ஐம்பதையே தரும். முதல் நாலு இடம் மாறினால் மட்டும் தொடக்க இலக்கங்களைப் பார்ப்பது நமக்கு உதவும். அதேபோல், எண்ணின் முன்னால் ஒரு சுன்னம் அதிகமாக விழுந்தால் கூட்டுத்தொகை மாறாது. நீளத்தைப் பார்த்தால்தான் தெரியும். மூன்று சோதனைகளையும் சேர்த்துச் செய்வது இதனால்தான். ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும். நடுவில் இருக்கும் இரண்டு நாலுகள் தம்முள் இடம் மாறியதையோ எதுவும் பிடிக்காது.

இந்தக் கணக்கு எல்லா எண்களுக்கும் பொருந்தாது. கைப்பேசியின் பதினைந்து இலக்க அடையாள எண் இதே கணக்கில் அமைந்தது. ஆதார் எண்ணின் பன்னிரண்டு இலக்கங்களுக்கு வெர்ஹோஃப் முறை என்ற வேறு கணக்கு உண்டு. வங்கிக் கணக்கு எண்ணோ எல்லா வங்கிகளுக்கும் பொதுவான சோதனை இலக்கம் எதுவும் இல்லாதது. அதனால்தான் அதனை இரண்டு முறை அழுத்தச் சொல்கிறார்கள். முதல் முறை எழுதியதைப் பார்த்தே இரண்டாம் முறையும் எழுதுபவர் அந்தப் பாதுகாப்பைத் தாமே இழந்துவிடுகிறார்.

தேறிய எண்ணும் உண்மையான அட்டையும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எண் தேறியது என்றால், அது பிழையின்றி எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பது மட்டுமே பொருள். அப்படி ஓர் அட்டை இருக்கிறதா, அது நடப்பில் உள்ளதா, கணக்கில் பணம் உண்டா, அதனை வைத்திருப்பவர் யார் என்பவற்றை இந்தக் கணக்கு அறியாது. முதற் பதினைந்து இலக்கங்களைத் தோன்றியபடி எழுதி, பதினாறாவதைக் கணக்கிட்டு ஒட்டிவிட யாராலும் முடியும். கண்ணை மூடிக்கொண்டு எழுதிய எண்களுள்கூடப் பத்தில் ஒன்று தேறும்.

ஆகவே பணம் செலுத்தும் பக்கம் உங்களைத் திருப்பி அனுப்பினால், எந்த இடத்தில் அனுப்பியது என்று கவனியுங்கள். வங்கியைக் கேட்கும் முன்னரே ‘எண் சரியன்று’ என்று சொன்னால், அழுத்தியதில்தான் பிழை. அட்டையைப் பார்த்து நாலு நாலாக ஒப்பிடுங்கள். எண்ணை ஏற்றுக்கொண்டு, சிறிது காத்திருந்த பின் மறுத்தால், பெரும்பாலும் மறுப்பு வங்கியினுடையது. அப்போது மறுபடியும் மறுபடியும் அழுத்துவதில் பயனில்லை. இருப்பு, காலாவதித் தேதி, இணையவழிப் பயன்பாட்டுக்கான அனுமதி ஆகியவற்றை வங்கிக் கிளையில் விசாரிக்க வேண்டும்.

மற்றொன்று, நம்மை ஏமாற்ற வருபவரைப் பற்றியது. தொலைபேசியில் அழைத்து, “உங்கள் அட்டை இன்ன எண்ணில் தொடங்குகிறது, சரிதானே?” என்று கேட்டுவிட்டு, வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் நம்ப வைப்பார். அந்த முதல் இலக்கங்கள் உங்களுடையவை அல்ல, வங்கியினுடையவை. அதே வகை அட்டையைப் பெற்ற உங்கள் பக்கத்து வீட்டாருக்கும் அவையே. அவற்றைச் சொல்லத் தெரிந்ததால் அவர் வங்கியைச் சேர்ந்தவர் ஆகிவிட மாட்டார். உண்மையான இரகசியங்கள் வேறு: அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கம், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல், இயந்திரத்தில் அழுத்தும் இரகசிய எண். இவற்றை எவருக்கும் சொல்லலாகாது. சொல்லிவிட்டுப் பணம் போயிருந்தால், தாமதியாமல் வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

அங்கத்தினரின் அட்டை எண்ணைச் சங்கப் பேரேட்டில் குறித்து வைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அதனைக் கைவிடுவதே முறை. வணிகர்கள் அட்டை எண்ணை முழுமையாகச் சேமித்து வைக்கலாகாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2022 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. ‘உங்கள் அட்டை எண் சரிதானா என்று இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம்’ என்று அழைக்கும் இணையப் பக்கங்களிலும் எண்ணை இட வேண்டியதில்லை. ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் அந்த வேலைக்குப் போதும். கூட்டிப் பார்த்த பின் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள்.