விட்ட மிச்சம் எவ்வளவு?

1, 1/4, 1/9, 1/16 என்று எண்களின் வர்க்கங்களைத் தலைகீழாக்கி முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் என்ன கிடைக்கும்? இத்தாலியக் கணிதர் பியட்ரோ மெங்கோலி 1650-இல் எழுப்பிய கேள்வி இது. பாசல் நகரத்து யாக்கோபு பெர்னூலியும் முயன்று தோற்றார்.

துல்லியமான விடை கிடக்கட்டும், தோராயமாகக் கூட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆயிரமாவது உறுப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். இனி வருவதெல்லாம் தூசி என்று அங்கே நிறுத்தினால் கிடைப்பது 1.643935. உண்மையான விடையோ 1.644934. மூன்றாவது தசம இடமே தப்பு! கடைசியாகச் சேர்த்த உறுப்பு சிறியது என்பதால் விட்ட மிச்சமும் சிறியது என்று ஆகிவிடாது.

அந்த மிச்சத்தை அளக்க உதவுவது தொகையீட்டுச் சோதனை. 1/x² என்ற வளைகோட்டை வரைந்துகொள்ள வேண்டும். வலப்பக்கம் போகப்போக அது தாழ்ந்துகொண்டே போகும். ஒவ்வோர் உறுப்பையும் ஓரலகு அகலமுள்ள செவ்வகமாக நிறுத்தலாம். 11-ஆம் உறுப்பை 10-க்கும் 11-க்கும் இடையே வைத்தால் அது கோட்டுக்கு அடியில் அடங்கிவிடும். 11-க்கும் 12-க்கும் இடையே வைத்தால் கோட்டுக்கு மேலே துருத்தும். பின்வரும் செவ்வகங்களும் அப்படியே.

இந்தக் கோட்டின் கீழே N-இலிருந்து முடிவிலி வரை உள்ள பரப்பு சரியாக 1/N. ஆகவே முதல் பத்து உறுப்புகளுக்குப் பின் வரும் மிச்சம் 1/11-ஐவிடப் பெரியது, 1/10-ஐவிடச் சிறியது.

முதல் பத்தின் கூட்டல் 1.549768. அதனுடன் இரண்டு எல்லைகளையும் சேர்த்தால், முழு விடை 1.640677-க்கும் 1.649768-க்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் மையம் 1.645222, பிழை 0.0003-கூட இல்லை. பத்தே உறுப்புகளில், வெறுமனே ஆயிரம் உறுப்புகளைக் கூட்டியதைவிட நல்ல விடை! அந்த ஆயிரத்துக்கும் இதே வைத்தியத்தைச் செய்தால், எல்லைகளின் இடைவெளி பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மிச்சத்தை அளக்காமல் அந்த நெருக்கத்தைப் பிடிக்கக் கிட்டத்தட்ட பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டியாக வேண்டும்.

மாணவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 1-இலிருந்து முடிவிலி வரையான பரப்பு 1 என்று கண்டதும், தொடரின் கூடுதலும் 1 என்று எழுதிவிடுவார்கள். முதல் உறுப்பே 1 ஆயிற்றே! பரப்பு முடிவுள்ளதாக இருந்தால் தொடரும் முடிவுள்ள ஓர் எண்ணில் நிற்கும் என்பதற்கு மட்டுமே சோதனை பொறுப்பு. அதுவும் உறுப்புகள் மிகை எண்களாகவும் இறங்குமுகமாகவும் இருந்தால்தான். ஏறி இறங்கும் சார்புகளில் செவ்வகங்கள் கோட்டுக்கு அடியில்தான் இருக்கும் என்ற உறுதி கிடையாது.

துல்லிய விடையை 1735-இல் கண்டவர் ஆய்லர். பையின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு அது. வட்டத்தின் எண் இங்கே வருவதைச் செவ்வகங்களை எத்தனை அடுக்கினாலும் ஊகித்திருக்க முடியாது.