2,500 ரூபாயில் ஓடத் தொடங்கலாம்

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான உடல்திறன் தேர்வில், ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் மைதானம் என்றால் மூன்றே முக்கால் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் 1 நிமிடம் 52 விநாடி. இதற்குப் பயிற்சி எடுக்கும் மாணவர் வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 5 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். விடுதியில் தங்கிப் படிப்பவர், கையில் இருப்பது 2,500 ரூபாய். கடைக்குள் நுழைந்தால் ஷூவின் விலையே 1,000 ரூபாயில் தொடங்கி 20,000 ரூபாய்வரை போகிறது. அந்தப் பணத்தை அவர் எதில் போட வேண்டும்?

பெரும்பகுதியை ஷூவில்தான். அதற்காக விலை கூடக் கூடக் காலுக்குப் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நிறுவனங்களின் ஓட்டக் காலணிகளை விலை குறைந்தது, நடுத்தரம், விலை உயர்ந்தது என மூன்று வகையாகப் பிரித்து, அணிபவரின் உள்ளங்காலில் விழும் அழுத்தத்தை அளந்தார்கள். குறைந்த விலை ஷூக்கள் உயர்ந்த விலை ஷூக்களுக்கு இணையாகவே அதிர்வைத் தாங்கின. ‘எது வசதியாக இருக்கிறது’ என்று அணிந்தவர்கள் சொன்னதற்கும் விலைக்கும் தொடர்பு இல்லை. 2008-ல் வெளியான இந்த ஆய்வில் இருந்த மலிவு விலை ஷூக்களும் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. நடைபாதைக் கடையில் கிடைக்கும் போலி ஷூவுக்கு இந்த முடிவு பொருந்தாது.

வித்தியாசம் நடு அடுக்கில் இருக்கிறது. ஓட்டக் காலணியின் மேல்துணிக்கும் கீழ் ரப்பருக்கும் நடுவே ‘இவிஏ’ எனப்படும் நுரைப் பொருள் இருக்கும். தரையில் கால் மோதும்போது அமுங்கி, பிறகு பழைய நிலைக்கு வருவது அதன் வேலை. பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் இந்த அடுக்கு கிடையாது. மண் தரையில் ஓரிரு சுற்று ஓட அது போதும். தார்ச்சாலையில் தினமும் 5 கிலோமீட்டர் ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலிக்கத் தொடங்கலாம். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார் என்பது உண்மை. ஆனால் அவர் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். 1964-ல் டோக்கியோவில் மறுபடி வென்றபோது ஷூ போட்டுக்கொண்டுதான் ஓடினார்.

போலிகளில் மேலே பிரபல நிறுவனத்தின் சின்னம் இருக்கும், கீழே கெட்டியான பிளாஸ்டிக் அடிப்பாகம் இருக்கும். கண்டுபிடிக்க வழி உண்டு. பக்கவாட்டில் நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். நல்ல நுரை சற்று அமுங்கி உடனே எழும், பிளாஸ்டிக் அசையாது. கையில் தூக்கினால் கனக்கும். அடுத்து, ஷூவை முனையிலும் குதிகாலிலும் பிடித்து வளைத்துப் பார்க்க வேண்டும். விரல்கள் மடியும் இடத்தில் வளைந்தால் சரி. நட்டநடுவில் மடிந்தால் வேண்டாம். 500 ரூபாய்க்குக் கிடைக்கும் போலியைவிட, அதிகம் அறியப்படாத நிறுவனம் ஓட்டத்துக்கென்றே செய்த 1,500 ரூபாய் ஷூ எத்தனையோ மேல். புது வடிவம் வந்ததும் விலை குறைத்து விற்கப்படும் போன வருடத்து ஷூ கிடைத்தால் இன்னும் நல்லது.

அளவு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் 8-ம் எண் இன்னொன்றின் 9-க்குச் சமமாக இருக்கலாம். ஆகவே எண்ணை நம்பாமல் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். மாலையில் போவது நல்லது. பகல் முழுக்க நடந்து, நின்று கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடப்போகும் சாக்ஸையே மாட்டிக்கொண்டு இரண்டு காலிலும் போட்டு எழுந்து நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் சில வாரத்தில் கால் நகம் கறுக்கும். குதிகால் உள்ளே ஏறி இறங்கினால் அங்கே கொப்புளம் வரும். அப்போது மேலே கடைசியாக இருக்கும் கூடுதல் துளையிலும் லேஸைக் கோத்து இறுக்கிப் பார்க்கலாம். அப்படியும் நழுவினால் வேறு ஷூதான்.

‘தட்டைப் பாதமா, அப்படியானால் இந்தத் தனி வகைதான் வேண்டும்’ என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பாத வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூவைக் கொடுத்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வகை ஷூ கொடுத்த குழுவைவிட அவர்களுக்குக் காயம் குறையவில்லை. ஏற்கெனவே வலியோ சிகிச்சையோ இல்லாத மாணவர், கடைக்குள் நாலு எட்டு ஓடிப் பார்த்து எது உறுத்தாமல் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

மாணவி என்றால் ஷூவுக்கு இணையான இன்னொரு தேவை விளையாட்டு உள்ளாடை. இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கும்போது, வலியாலும் கூச்சத்தாலும் ஓட்டமே நின்றுபோகிறது. கீழ்ப்பட்டை உடலோடு ஒட்டி நிற்க வேண்டும், கையைத் தூக்கினால் மேலேறக் கூடாது, ஆழமாக மூச்சு இழுக்கத் தடையும் இருக்கக் கூடாது. போட்டுக்கொண்டு அதே இடத்தில் பத்து முறை குதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏறக்குறைய 500 ரூபாயை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மற்ற துணிகளில் மிச்சம் பிடிப்பதே சரி.

துணிகளில் நன்றாகவே மிச்சம் பிடிக்கலாம். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சிக் கனத்து, உடம்போடு ஒட்டி, அக்குளையும் தொடையையும் உரசிப் புண்ணாக்கும். சாதாரண பாலியஸ்டர் டி-ஷர்ட் சீக்கிரம் காயும். கல்லூரி விளையாட்டு விழாவில் கொடுத்தது பெட்டியில் கிடந்தால் அதுவே போதும். உரசும் இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவினால் எரிச்சல் இராது. காசு கொடுத்து வாங்க வேண்டியது சாக்ஸ். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளத்துக்கு வழி செய்கிறது. பாலியஸ்டரோ நைலானோ கலந்தது இரண்டு ஜோடி இருந்தால், ஒன்று காயும்போது இன்னொன்றைப் போடலாம்.

கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: ஷூ 1,500, சாக்ஸ் 250, அரைக்கால் சட்டை 250, ஸ்டாப் வாட்ச் உள்ள சாதாரண டிஜிட்டல் கடிகாரம் 300. மீதி 200 ரூபாய் கையில் இருக்கும். மாணவிக்கு உள்ளாடை சேர்கிறது. அவர் பழைய டிராக் பேண்டையும் போனில் உள்ள ஸ்டாப் வாட்சையும் வைத்துச் சமாளிக்கலாம். சுற்று அளவு தெரிந்த மைதானத்தில் ஓடுபவருக்கு ஜிபிஎஸ் கடிகாரம் புதிதாக எதையும் சொல்லிவிடாது. கெண்டைக்கால் உறை, தனியாக விற்கும் உள்பட்டை, சத்து ஜெல், புரதப் பவுடர் எதுவும் அரை மணி நேர ஓட்டத்துக்குத் தேவையில்லை. விடிவதற்கு முன் சாலையில் ஓடுபவர் மட்டும் வெளிர்நிறச் சட்டை போட்டு, மீதிப் பணத்தில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த ஷூ எத்தனை நாள் வரும்? பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர். வாரம் 20 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஆறு மாதம் தொடங்கி ஒன்பது மாதம்வரை உழைக்கும். அதையே வகுப்புக்கும் கடைக்கும் போட்டுக்கொண்டு நடந்தால் நுரை அதற்கு முன்பே செத்துவிடும். ஓட ஆரம்பித்த தேதியை ஷூவின் நாக்குப் பகுதியில் பேனாவால் எழுதி வைப்பது நல்ல பழக்கம். நனைந்தால் வெயிலில் வைக்கக் கூடாது, பசை விட்டுப்போகும். உள்பட்டையை எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வைத்தால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். நுரையின் பக்கவாட்டில் நிரந்தரமாகச் சுருக்கம் விழுந்தாலோ, மேசையில் வைக்கும்போது ஷூ ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, ஓட்டத்தைக் கூட்டாமலே முழங்காலோ முன்னெலும்போ வலிக்க ஆரம்பித்தாலோ, அந்த ஜோடியை வகுப்புக்குப் போட்டுத் தேய்த்துவிட்டு, ஓடுவதற்கு அடுத்த ஜோடி வாங்க வேண்டியதுதான். மாதம் 250 ரூபாய் எடுத்து வைத்தால் ஆறு மாதத்தில் அதற்கான 1,500 ரூபாய் சேர்ந்திருக்கும்.