மடிப்பு எங்கே விழும்?

சோப்புப் பெட்டியின் படத்தை மட்டும் அனுப்பினால் அச்சக டிசைனரால் அதை மறுபடி வரைய முடியாது. அளவுகளையும் எழுதித் தர வேண்டும். பெட்டி 60 மி.மீ. அகலம், 30 மி.மீ. கனம் என்று வைப்போம். விரித்த அட்டையின் இடது ஓரத்தைப் பூஜ்யமாகக் கொள்ளுங்கள். பசை ஒட்டும் பட்டை 12 மி.மீ. என்றால் மடிப்புக் கோடுகள் 12, 72, 102, 162-இல் விழும். வலது ஓரம் 192. எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்தே அளப்பதுதான் நல்லது, சிறு பிழைகள் ஒன்றோடொன்று சேராது.

பின்னணி நிறம் வெட்டுக் கோட்டைத் தாண்டி 3 மி.மீ. ஓடட்டும். இல்லையென்றால் கத்தி இம்மியளவு விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். எழுத்துகள் வெட்டுக்கும் மடிப்புக்கும் 3 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும். பசைப் பட்டைக்குள் மட்டும் நிறம் 2 மி.மீ.யோடு நிற்கட்டும், வார்னிஷ் மேல் பசை சரியாகப் பிடிக்காது.