வானொலிச் செய்தித்தொடரில் சான்றாதாரத்தின் இடம்: வேலூர்த் தோல் தொழிற்சாலைத் தீர்ப்பை முன்வைத்து

வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அச்சு நடையில் அதனை இவ்வாறு அமைக்கலாம்:

‘கழிவுநீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டறிந்ததைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ரூ.10,000 அபராதம் விதித்தது.’

கண் இத்தொடரைத் திரும்பிப் படிக்கும், செவிக்கு அவ்வாய்ப்பில்லை. தொடரை வெட்டினால் மட்டும் போதாது. முற்பகுதியைத் தனித்தொடராக்கினால் ‘கண்டறிந்ததை’ என்னும் சொல் உதிர்ந்து, ஆய்வின் மதிப்பீடு செய்தி வாசிப்பவரின் கூற்றாகிவிடும். ஆதலின் சான்றாதாரம் முன்னே வரவேண்டும்:

‘தோல் தொழிற்சாலைகளுக்கு உச்ச நீதிமன்றம் அபராதம் விதித்துள்ளது. / ஒவ்வொரு தொழிற்சாலையும் பத்தாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும். / வேளாண் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. / அந்த ஆய்வின்படி / கழிவுநீரால் பாதிக்கப்பட்ட விளைநிலம் / ஏறத்தாழ முப்பத்தைந்தாயிரம் ஹெக்டேர். / அங்கே சாகுபடி முழுமையாகவோ ஓரளவோ இயலாது.’

‘ஓரளவோ’ என்பதைச் சுருக்கம் கருதி நீக்கினால் செய்தி மிகையாகும். சாய்கோடு மூச்சிடத்தைக் குறிக்கும். எண்ணுக்கும் அலகுக்கும் இடையே அது விழலாகாது. ‘ரூ.’ எழுத்தில் எண்ணுக்கு முன்னும் பேச்சில் பின்னும் வருவதால், எழுதியபடியே விட்டால் வாசிப்பவர் அவ்விடத்தில் தடுமாறுவார்.