அச்சிட்ட எண்ணும் அச்சிடாத எண்ணும்

சிம் அட்டையின் மேல் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 19 அல்லது 20 இலக்க எண் அந்த அட்டையின் வரிசை எண்ணேயன்றி, அதை வைத்திருப்பவரைப் பற்றியோ அவருடைய கைபேசி எண்ணைப் பற்றியோ எதையும் சொல்வதில்லை. ஐ.சி.சி.ஐ.டி. எனப்படும் இவ்வெண்ணின் அமைப்பை E.118 என்னும் பன்னாட்டுப் பரிந்துரை வகுத்துள்ளது. அதன்படி, தொடக்கத்தில் உள்ள 89 தொலைத்தொடர்புத் துறையைக் குறிக்க, அடுத்து நாட்டின் தொலைபேசிக் குறியீடும், அட்டையை வெளியிட்ட நிறுவனத்தின் குறியீடும், அந்த அட்டைக்கே உரிய தொடர் எண்ணும் வரிசையாக வருகின்றன. இந்திய அட்டைகள் 8991 என்றும் இலங்கை அட்டைகள் 8994 என்றும் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

கடைசியில் நிற்பது சரிபார்ப்பு இலக்கம். வங்கி அட்டை எண்களுக்கும் பயன்படும் லூன் முறை என்னும் கணக்கால் இது பெறப்படுகிறது. எடுத்துக்காட்டுக்காக அமைத்துக்கொண்ட 8991000012345678905 என்னும் எண்ணில், கடைசி 5-ஐ ஒதுக்கிவிட்டு, அதற்கு இடப்புறத்து இலக்கத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டித்து, இரட்டித்தது ஈரிலக்கமானால் அவ்விரண்டையும் கூட்டிக்கொண்டால், இரட்டித்தவற்றின் தொகை 33, மற்றவற்றின் தொகை 42, ஆக மொத்தம் 75 என்று வரும். ஒதுக்கிய 5-ஐச் சேர்த்தால் 80 என்று பத்தின் மடங்கு கிடைப்பதால் எண் பிழையின்றி எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஏதேனும் ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதினால் கணக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இதே எண்ணின் இறுதியில் உள்ள 90-ஐ 09 என்று இடம் மாற்றி எழுதினால், தொகை மாறாமலே இருப்பதால், பிழை தப்பிவிடும். கைப்பிழையைப் பிடிப்பதற்கு மட்டுமே உருவான இக்கணக்கு, அந்த எண்ணைச் சொல்பவர் யார் என்பதை அறியாது.

வலைப்பின்னல் ஒரு சந்தாவை அடையாளம் காண்பது இவ்வெண்ணைக் கொண்டன்று. அட்டையின் மேல் எங்கும் அச்சிடப்படாமல் சில்லுக்குள் பதிவாகியிருக்கும் ஐ.எம்.எஸ்.ஐ. என்னும் மற்றோர் எண்ணைக் கொண்டே. பன்னாட்டு நகர்பேசிச் சந்தாதாரர் அடையாளம் என்று பொருள்படும் இவ்வெண், E.212 என்னும் பரிந்துரையின்படி 15 இலக்கங்களுக்கு மேற்படாதது. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் வலைப்பின்னலையும், எஞ்சியவை அந்த வலைப்பின்னலுக்குள் குறிப்பிட்ட சந்தாவையும் சுட்டுகின்றன. இங்குள்ள நாட்டுக் குறியீடு தொலைபேசிக் குறியீட்டிலிருந்து வேறானது: இலங்கைக்கு 413, சிங்கப்பூருக்கு 525. இந்தியாவிலோ ஒரே நிறுவனத்துக்கும் உரிம வட்டத்துக்கு ஒன்றாக வெவ்வேறு வலைப்பின்னல் குறியீடுகள் வழங்கப்பட்டதால், 404-ஓடு 405-உம் புழக்கத்துக்கு வந்தது.

இவ்வெண் எதைக் குறிக்கவில்லை என்பதையும் வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவரிடம் இரண்டு சிம் இருந்தால் இரண்டு ஐ.எம்.எஸ்.ஐ. இருக்குமாதலால் இது மனிதரைக் குறிப்பதன்று. *#06# என்று அழுத்தினால் திரையில் தெரியும் 15 இலக்க எண் கருவியின் எண்ணாதலால் இது கைபேசியைக் குறிப்பதுமன்று. கைபேசி எண்ணைக்கூட இது குறிப்பதில்லை. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாறும் வாடிக்கையாளருக்குப் பழைய பத்து இலக்கமே நீடித்தாலும், புதிய அட்டையோடு புதிய ஐ.எம்.எஸ்.ஐ. வந்துவிடுகிறது.

சென்னையில் வாங்கிய சிம்முடன் ஒருவர் சிங்கப்பூரில் இறங்கிக் கைபேசியை இயக்கும்போது நிகழ்வதைப் பின்தொடர்ந்தால் இந்த உறவு தெளிவாகும். அங்குள்ள வலைப்பின்னல் முன்பின் அறியாத அந்தக் கைபேசியிடம் ஐ.எம்.எஸ்.ஐ.-யைப் பெற்று, அதன் முன் இலக்கங்களிலிருந்து அது இந்தியாவின் எந்த வலைப்பின்னலுக்கு உரியது என்று கண்டு, அந்தத் தாய் வலைப்பின்னலிடம் சரிபார்ப்புக்கான தரவைக் கேட்கிறது. சிம்மினுள்ளும் தாய் வலைப்பின்னலின் சரிபார்ப்பு மையத்திலும் மட்டுமே இருக்கும் ஓர் இரகசியச் சாவியைக் கொண்டு, அனுப்பப்பட்ட எழுந்தமான எண்ணுக்குச் சிம் கணக்கிடும் விடை, மையம் கணக்கிட்ட விடையோடு பொருந்தினால் இணைப்பு கிடைக்கிறது. அதன்பின், ஐ.எம்.எஸ்.ஐ. அடிக்கடி வான்வழி செல்லாதிருக்க ஒரு தற்காலிக எண் கைபேசிக்கு ஒதுக்கப்படுகிறது. இத்தனை படிகளிலும் கைபேசி எண்ணுக்கு வேலையே இல்லை. அது தாய் வலைப்பின்னலின் சந்தாதாரர் பதிவேட்டில், இந்த ஐ.எம்.எஸ்.ஐ.-க்கு எதிரே எழுதப்பட்டிருக்கும் குறிப்பு மட்டுமே.

அந்தக் குறிப்பை ஒரு வரியிலிருந்து மற்றொரு வரிக்கு மாற்றி எழுத முடியும் என்பதிலேதான் ஆபத்து தொடங்குகிறது. சிம் தொலைந்தவர் புதிய அட்டை வாங்கும்போது, நிறுவனம் அந்த அட்டையின் அச்சிட்ட எண்ணைக் கொண்டு அதற்குரிய ஐ.எம்.எஸ்.ஐ.-யைத் தன் கோப்பில் கண்டு, பழைய கைபேசி எண்ணை அதனோடு சேர்த்துவிடுகிறது. சிம் மாற்று மோசடி பற்றிக்கொள்வது இந்த நல்ல வசதியைத்தான். மோசடிக்காரர் தன் கையிலுள்ள வெற்று அட்டையின் நீண்ட எண்ணை வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பி, சேவையை மேம்படுத்துவதற்காக என்று சொல்லி, அதை நிறுவனத்தின் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்வதும், பின்னர் வரும் அழைப்பில் 1 அழுத்தி ஒப்புதல் தரச் சொல்வதும் இந்தியாவில் நடந்த முறைகளுள் ஒன்று. ஏமாந்தவர் தம் அட்டையின் எண் எதையும் வெளியிட்டுவிடவில்லை. பிறர் அட்டையின் எண்ணைத் தம் கைபேசியிலிருந்து அனுப்பியதன் வழியாக, தம் எண்ணை அந்த அட்டைக்கு மாற்றும்படி தாமே கோரியவராகிறார்.

மாற்றம் நிகழ்ந்ததும் பழைய சிம்மின் சந்தா செயலற்றுப் போவதால், அதே நிறுவனத்தின் சேவை அருகிலுள்ளவருக்குக் கிடைக்கும்போதும் இவருடைய கைபேசி மட்டும் இணைப்பு இழந்து நிற்கும். கோபுரப் பழுதிலிருந்து இதைப் பிரித்தறிய உதவும் முதல் அடையாளம் இது. இக்காரணத்தால், அந்நிலையில் சிம்மைக் கழற்றித் துடைத்துக்கொண்டிராமல், வேறொரு தொலைபேசியிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழைப்பது தேவையாகிறது. மாற்றுச் சிம்முக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தியை நிறுத்திவைக்கும் இந்திய ஏற்பாடு தருவதும் இந்த அவகாசத்தைத்தான். இரவில் உறங்கியவரும் மருத்துவமனையில் கிடந்தவரும் அந்த அவகாசத்தை அறியாமலே இழக்கக்கூடும்.

வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல், பத்து இலக்க எண்ணுக்கு அனுப்பப்படுவதாகத் தோன்றினாலும், அந்த நேரத்தில் பதிவேட்டில் அவ்வெண்ணுக்கு எதிரே எந்த ஐ.எம்.எஸ்.ஐ. எழுதப்பட்டிருக்கிறதோ அந்த அட்டைக்கே சென்று சேர்கிறது. பணம் அனுப்பும் முன் அந்த ஐ.எம்.எஸ்.ஐ. அண்மையில் மாறியதா என்று வங்கி தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டறியும் முறை வெளிநாடுகளில் நடைமுறையில் உள்ளது. உண்மையாகவே கைபேசியைத் தொலைத்தவருக்கு அது இடைஞ்சல் என்னும் வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. எனினும், கடவுச்சொல் சரியாக வந்து சேர்ந்தது என்பதற்கு, பதிவேட்டின் அந்த வரியில் இருக்கும் அட்டைக்கு அது வந்தது என்பதற்கு மேல் பொருள் இல்லை. அந்த வரியை எழுதச் செய்தவர் யார் என்னும் கேள்விக்கு அட்டையின் மேலுள்ள எண்ணும் விடை சொல்லாது, உள்ளே இருக்கும் எண்ணும் விடை சொல்லாது.