விசா கிடைக்கவில்லை, கட்டணம் திரும்புமா?

வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிக்க அழைப்பு வந்ததும் நம் ஆய்வு மாணவர்கள் முதலில் செய்வது பதிவுக் கட்டணம் கட்டுவது. பல மாநாடுகளில் கட்டணம் கட்டினால்தான் அழைப்புக் கடிதம் கிடைக்கும். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். போக முடியுமா என்று தெரிவதற்கு முன்பே 40,000, 50,000 ரூபாய் கையைவிட்டுப் போய்விடுகிறது. பிறகு விசா மறுக்கப்பட்டால், கட்டிய பணத்தைப் பலர் கேட்பதே இல்லை. கேட்பவர்களும் மன்னிப்புக் கடிதம் போல எழுதுகிறார்கள்: குடும்பச் சூழல், உதவித்தொகை தாமதம், பேராசிரியரின் வருத்தம் என்று இரண்டு பக்கம். அதைப் படிக்கும் பதிவு அலுவலருக்கு வேண்டியது இவற்றில் ஒன்றுகூட இல்லை.

பெரிய மாநாடுகளில் பதிவுக் கணக்கைப் பார்ப்பது பேராசிரியர்கள் அல்ல, அதற்கென அமர்த்தப்பட்ட நிகழ்ச்சி நிறுவனம். அந்த நிறுவனத்தின் ஊழியருக்கு இரக்கம் காட்டும் அதிகாரம் கிடையாது. விதியில் இருப்பதைக் கொடுக்கும் அதிகாரம் மட்டும் உண்டு. அதனால் நம் கடிதம் எந்த விதியின் கீழ் வருகிறது என்பதை நாமே எடுத்துக் காட்டிவிட்டால் அவர் வேலை சுலபமாகிறது, நம் வேலையும் முடிகிறது. கட்டணம் வாங்கும்போது அவர்கள் எழுதி வைத்த ரத்து விதி நமக்கும் அவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் பகுதி. அதைச் சுட்டிக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். மதுரையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு மாணவி, செப்டம்பர் 8 முதல் 11 வரை ஜெர்மனியில் நடக்கும் மாநாட்டுக்கு 450 யூரோ கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாநாட்டின் விதி இப்படி இருக்கிறது: ஜூலை 15 வரை எழுத்து மூலம் ரத்து செய்தால் 60 யூரோ நிர்வாகக் கட்டணம் போக மீதி திரும்பும். அதன்பின் ஆகஸ்ட் 10 வரை பாதித் தொகை. அதற்குப் பிறகு எதுவும் கிடையாது. கடைசியில் தனியாக ஒரு வரி: விசா மறுக்கப்பட்டவர்கள், உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால், மறுப்புக் கடிதத்தை ஆகஸ்ட் 31-க்குள் அனுப்பினால் 60 யூரோ மட்டும் பிடிக்கப்படும்.

இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. அவர் விசா மறுப்பு ஆகஸ்ட் 19 அன்று வந்தால், பொது விதிப்படி அவருக்குப் பூஜ்யம். விசா விதிப்படி 390 யூரோ. ஒரே நாளில் ஒரே காரணத்துக்காக எழுதும் கடிதம், எந்த வரியைச் சுட்டுகிறது என்பதைப் பொறுத்து இவ்வளவு மாறுகிறது.

இங்கே காலத்தின் சிக்கலையும் சொல்ல வேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை ஆகும். ஆனால் கோடைக்காலத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் மாநாட்டின் ரத்துக் கெடுவும் தூதரகத்தின் முடிவும் ஒன்றாக வருவது அரிது. ஆகஸ்ட் 10 நெருங்கும்போதும் மாணவிக்கு முடிவு வரவில்லை என்றால் என்ன செய்வது? விதியில் விசாவுக்கென்று தனி வரி இருந்தால் காத்திருக்கலாம். ஆனால் அன்றே, விண்ணப்பித்த தேதியைக் குறிப்பிட்டு, முடிவு நிலுவையில் இருக்கிறது, மறுக்கப்பட்டால் அந்த விதிப்படி கோருவேன் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைக்க வேண்டும். உரிய காலத்தில் விண்ணப்பித்தார் என்பதற்கு அது பின்னால் சாட்சியாகும். தனி வரி இல்லை என்றால் கணக்கு வேறு. அப்போது ஆகஸ்ட் 10-க்குள் ரத்து செய்து 225 யூரோவை மீட்பதா, விசா கிடைக்கும் என்று நம்பி முழுத் தொகையையும் பணயம் வைப்பதா என்று அவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். கெடு தாண்டிய பிறகு எழுதும் நியாயமான காரணம், அமைப்பாளர்களின் விருப்பத்தை நம்பித்தான் நிற்கும்.

கெடு எந்த ஊர் நேரப்படி என்பதையும் பாருங்கள். ஜெர்மனியில் ஆகஸ்ட் 10 நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு என்றால் நம் கடிகாரத்தில் 11-ஆம் தேதி அதிகாலை 3.29. கணினித் துறை மாநாடுகளில் உலகின் எந்த மூலையிலாவது அந்தத் தேதி மிச்சமிருக்கும் வரை என்று சொல்வதுண்டு. அது நமக்கு 11-ஆம் தேதி மாலை 5.29 வரை நீளும். எதுவும் சொல்லாத விதி என்றால் அவர்கள் அலுவலக நேரம் முடிவதற்குள் அனுப்புவதே பாதுகாப்பு. நாம் அனுப்பிய நேரமா, அவர்களுக்குக் கிடைத்த நேரமா என்ற கேள்வி எழுந்தால், பல விதிகளில் இரண்டாவதுதான் கணக்கு.

இனி கடிதம். பணம் கட்டியதற்கு வந்த உறுதி மின்னஞ்சலுக்கே பதிலாக அதை அனுப்புவது நல்லது; பதிவு எண்ணும் ரசீதும் அதே இழையில் இருக்கும். பெறுநர் பதிவுச் செயலகம். மாநாட்டுத் தலைவருக்கு எழுதினால் அவர் அதை முன்னனுப்புவதற்குள் நாள்கள் ஓடிவிடும். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

> பொருள்: பதிவு எண் 1187 – ரத்து, கட்டணத்தைத் திருப்பக் கோருதல்
>
> பதிவுச் செயலகத்தாருக்கு வணக்கம். மே 28 அன்று 450 யூரோ செலுத்திச் செய்த என் பதிவை இன்று, ஆகஸ்ட் 19 அன்று, ரத்து செய்கிறேன். ஜூலை 14 அன்று விண்ணப்பித்த என் விசா மறுக்கப்பட்டுள்ளது. மறுப்புப் படிவம் இணைப்பில் உள்ளது.
>
> உங்கள் ரத்து விதிகளில் விசா மறுப்பு பற்றிய பத்தியின்படி, 60 யூரோ போக 390 யூரோவைப் பணம் செலுத்திய அதே கார்டுக்குத் திருப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் பணம் செலுத்திய நாளில் இருந்த விதிப் பக்கத்தின் நகலையும் இணைத்துள்ளேன்.
>
> ரத்து பதிவானதையும், பணம் எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இதில் வருத்தம் தெரிவிக்கும் வாக்கியம் ஒன்று சேர்த்தால் தவறில்லை. ஆனால் “முடிந்தால் பரிசீலிக்கவும்” என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால், மறுப்பதற்கான இடத்தை நாமே கொடுத்துவிடுகிறோம். எவ்வளவு தொகை வர வேண்டும் என்று நாமே எண்ணில் எழுதுவதும் முக்கியம். அவர்கள் கணக்கு வேறாக இருந்தால் காரணம் சொல்லியாக வேண்டும்.

விதிப் பக்கத்தின் நகல் ஏன்? இணையத்தில் இருக்கும் விதி சத்தமில்லாமல் மாறக்கூடியது. பணம் கட்டும் அன்றே அந்தப் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிட வேண்டும். மறந்திருந்தால் web.archive.org தளத்தில் பழைய வடிவம் கிடைக்கிறதா என்று தேடலாம். மறுப்புப் படிவத்தைப் பொறுத்தவரை, ஷெங்கன் நாடுகள் காரணங்களைக் குறித்த ஒரே மாதிரியான படிவத்தில் தருகின்றன. அமைப்பாளருக்குத் தேவையானவை பெயர், தேதி, மறுத்த தூதரகம். பாஸ்போர்ட் எண்ணை மறைத்து அனுப்பலாம்.

கட்டுரை வாசிப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கட்டுரையைச் சமர்ப்பித்த தளம் வேறு, பணம் கட்டிய தளம் வேறு. முதலாவதில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் பதிவு தானாக ரத்தாகாது. தலைகீழாகவும் ஓர் ஆபத்து இருக்கிறது: பல மாநாடுகளில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் ஒருவரின் பதிவு கட்டாயம், அந்தப் பதிவு திருப்பத்தக்கதல்ல என்று விதி சொல்லும். அந்தப் பணத்தில்தான் கட்டுரை தொகுப்பில் அச்சாகிறது. அத்தகைய பதிவை ரத்து செய்யக் கேட்டால் கட்டுரையும் போய்விடலாம். ஐ.இ.இ.இ. மாநாடுகளில், யாரும் வந்து வாசிக்காத கட்டுரையை அதன் மின்நூலகத்தில் சேர்க்காமல் விடும் உரிமையை அமைப்பாளர்கள் வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே கட்டுரை முக்கியம் என்றால் பணத்தைக் கேட்பதற்கு முன், இணை ஆசிரியர் பெயருக்குப் பதிவை மாற்ற முடியுமா, இணையவழியில் வாசிக்க அனுமதி உண்டா என்று கேட்பதே சரி. பெயர் மாற்றத்தைப் பல மாநாடுகள் தயங்காமல் ஏற்கின்றன, கையிலிருந்து பணம் போக வேண்டியதில்லை என்பதால்.

பணம் திரும்பும்போதும் போன தொகை அப்படியே வராது. யூரோவுக்கு 100 ரூபாய் என்று சுலபக் கணக்காக எடுத்துக்கொண்டால், 450 யூரோ 45,000 ரூபாய். பல கார்டுகள் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதம் வரை சேர்க்கும். அது 1,575 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 283.50. திரும்பும் 390 யூரோ அன்றைய மாற்று விகிதத்தில் ரூபாயாகும். செலாவணிக் கட்டணம் பொதுவாகத் திரும்புவதில்லை. இந்த இழப்புக்கு அமைப்பாளர் பொறுப்பல்ல. அவர்கள் 390 அனுப்பினார்களா என்பதை யூரோவில்தான் சரிபார்க்க வேண்டும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் திட்ட நிதியிலிருந்து கட்டியிருந்தால் பணம் அங்கேதான் திரும்பும் என்பதையும் முன்பே கணக்குப் பிரிவுக்குச் சொல்லிவிட வேண்டும்.

மாநாடு இந்தியாவில் என்றால் வேறொரு பதில் வருவதுண்டு: “ஜி.எஸ்.டி. அரசுக்குக் கட்டிவிட்டோம், அதைத் தர முடியாது.” விதியிலேயே அப்படி எழுதியிருந்தால் வாதிடுவது கடினம். எழுதவில்லை என்றால் விடத் தேவையில்லை. ரத்தான சேவைக்கு அமைப்பாளர் கிரெடிட் நோட் கொடுத்துத் தன் வரிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவு வழி தருகிறது. அதற்கான கடைசி எல்லை, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதினால் கணக்காளரிடம் கேட்டுவிட்டு மறுபடி பதில் சொல்வார்கள்.

பதிலே இல்லை என்றால்? மாநாடு முடிந்த பிறகே பணம் திருப்புவோம் என்று பல விதிகள் சொல்லும். அந்தக் காலம் வரை பொறுக்க வேண்டும். அது கடந்ததும் அதே இழையில் நினைவூட்டல், ஒரு தேதியோடு. அதன்பிறகும் மௌனம் என்றால் கார்டு கொடுத்த வங்கியில் ‘டிஸ்ப்யூட்’ எழுப்பலாம். வங்கி கேட்கும் சான்றுகள் ரத்து விதி, நாம் ரத்து செய்த தேதி, அவர்கள் ஒப்புக்கொண்ட பதில் ஆகியவைதான். பெரும்பாலான கார்டு விதிகளில் இதற்கு 120 நாள் போன்ற எல்லை உண்டு. எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பது வகைக்கு வகை மாறுவதால், மாநாடு முடிந்த உடனேயே வங்கியிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இந்திய அமைப்பாளர் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்: ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு அங்கே கட்டணம் இல்லை, புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.